அம்மாவுக்கு மூலம்ண்டு நெனச்சோம், மலக்குடலே வெளிய வருதாம்: கீழ வழியா ஆபரேஷனா, வயித்து வழியாவா?

மேலூர்_மைந்தன்
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு, எங்களுக்கு மேலூர் பக்கம். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்தே அம்மா வெளிய போனா அரை மணி நேரம் ஆகும், முக்கி முக்கித்தான் போவாக, நாங்களும் அது அவுக உடம்பு வாகுண்டு விட்டுட்டோம். அஞ்சாறு வருஷமா போகும்போது சதை மாதிரி வெளிய வரும், தானா உள்ள போயிரும். அப்பறம் கையால தள்ளுனாத்தான் போச்சு. இப்ப மூணு மாசமா தும்முனாலும் வருது, நாலு எட்டு நடந்தாலும் வருது, சேலையில சளி மாதிரி ஈரம், சில நேரம் கறையும் படுது. கல்யாண வீடு துஷ்டி வீடுண்டு எங்கிட்டும் போறதில்ல.

பஸ் ஸ்டாண்டு செவத்துல நோட்டீஸ் ஒட்டி இருக்கும்ல, மூலம் பவுத்திரம் ஒரே ஊசியில குணம்ண்டு, அந்த மாதிரி ஒரு எடத்துல ரெண்டு தடவை ஊசி போட்டாக, புண்ணாகி பதினஞ்சு நாள் உக்கார முடியாம கெடந்ததுதான் மிச்சம். போன வாரம் ஒரு சர்ஜன்கிட்ட காமிச்சோம், இது மூலமே இல்ல, மலக்குடல் முழுசா வெளிய வருது, கீழ வழியாவே வெட்டி தைச்சிரலாம்ண்டாரு. இன்னொருத்தர்கிட்ட போனா வயித்துல ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பில மேல இழுத்து வலை வச்சு கட்டணும்ண்டு சொல்றாரு. ரெண்டு பேரும் நல்ல டாக்டர்தான், எதை எடுக்குறதுண்டு தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

உசிலை_பாண்டி
தம்பி ஆபரேஷனுக்கு அவசரப்படாதீக. எங்க அப்பாவுக்கும் இதேதான், துத்திக்கீரையை வெளக்கெண்ணெயில வதக்கி நாப்பது நாள் சாப்பிட்டாரு, மோர் நெறைய குடிச்சாரு, கோழிக்கறியை விட்டாரு, சரியாப்போச்சு. மலச்சிக்கல்தான் எல்லாத்துக்கும் மூலகாரணம், அதை சரி பண்ணுனா சதை தானா உள்ள போயிரும்.

திருமங்கலம்_ரவி
குடலிறக்கத்துக்கு வலை வைக்கிறது சகஜம் சார், பயப்படாதீங்க. எனக்கு போன வருஷம்தான் வச்சாங்க, வலது பக்க தொடை இடுக்குல, மறுநாளே வீட்டுக்கு வந்துட்டேன், இப்ப மூட்டையே தூக்குறேன்.

மேலூர்_மைந்தன்
ரவி சார், அது ஹெர்னியா, இது வேற. இது ஆசனவாய் வழியா வருது.

திருமங்கலம்_ரவி
ஓ, மன்னிக்கணும், வலைன்னு பாத்ததும் அதுன்னு நெனச்சுட்டேன்.

ரிட்டயர்டு_சர்ஜன்
மேலூர் தம்பி, முதல்ல ஒரு விஷயம் கேக்குறேன். சதை வெளிய இருக்கும்போது உங்க வீட்டு பொம்பளையாளுக யாராவது பாத்தாங்களா? அதுல கோடு எப்படி ஓடுதுன்னு பாக்கணும். நம்ம ஊர் கெணத்து உறை இறக்கியிருப்பாங்கல்ல, ஒண்ணு மேல ஒண்ணா வளையம், அது மாதிரி வட்ட வட்டமா மடிப்பு இருந்தா குடலோட முழு தடிமனும் வெளிய வருதுன்னு அர்த்தம். பூசணிக்காய் கீத்து மாதிரி நடுவுல இருந்து வெளிப்பக்கமா கோடு பிரிஞ்சு, ரெண்டு மூணு உருண்டையா தெரிஞ்சா அது மூலமோ, இல்ல உள்பக்க தோல் மட்டும் சரிஞ்சு வர்றதோ. நீளமும் ஒரு துப்புதான், உள்தோல் மட்டும்னா ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல சாதாரணமா வராது. இந்த ஒரு பார்வையில பாதி குழப்பம் தீரும், ஆனா படுக்க வச்சு பாத்தா உள்ள போயிருக்கும், ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் வருஷக்கணக்கா மூலம்னே மருந்து ஓடுது. நான் ஓபியில இருந்தப்ப, போய் கழிப்பறையில குத்தவச்சு முக்கிட்டு அப்படியே கூப்பிடுங்கம்மான்னு சொல்லி சிஸ்டரோட போய்த்தான் பாப்பேன்.

பாண்டி அண்ணே சொன்னதுல பாதி சரி. உங்க அப்பாவுக்கு இருந்தது மூலமா இருந்திருக்கணும், அது மலம் இளகுனா அடங்கும். மலச்சிக்கல் காரணம்கிறதும் உண்மைதான். ஆனா பெரியவங்களுக்கு குடல் முழுசா வெளிய வர ஆரம்பிச்சிட்டா எந்தக் கீரையும் திரும்ப மேல தூக்கி நிறுத்தாது.

மேலூர்_மைந்தன்
சார், என் வீட்டுக்காரி பாத்து போன்ல போட்டோவும் எடுத்து வச்சிருக்கா. வட்ட வட்டமாத்தான் இருக்கு சார், நீங்க சொன்ன கெணத்து உறை மாதிரியே. ஒரு உள்ளங்கை அளவு நீளம் இருக்கும். முக்குறதுனால இவ்வளவு பெரிய குடல் எப்படி வெளிய வரும்ண்டுதான் புரியல.

ரிட்டயர்டு_சர்ஜன்
முழுக்கை சட்டையைக் கழட்டும்போது கை உள்பக்கமா மடிஞ்சு வரும் பாருங்க, அது மாதிரிதான். மலக்குடல் பின்பக்கம் முதுகெலும்போட அடி எலும்புல லேசா ஒட்டிக்கிட்டு இருக்கு. நாளு தவறாம இருபது நிமிஷம் முப்பது நிமிஷம்னு முக்குனா அந்த ஒட்டு தளர்ந்து, மேல் குடல் கீழ் குடலுக்குள்ள மடிஞ்சு இறங்கும். முதல்ல உள்ளேயே நிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. இதுதான் ஏமாத்துற கட்டம். ஏன்னா மடிஞ்சு இறங்குன குடல், மலம் வந்து நிக்கிற எடத்துலயே வந்து நிக்குது, மூளைக்கு அது மலம்னுதான் சேதி போகும். போயிட்டு வந்தும் இன்னும் இருக்கு, முழுசா போகலன்னு தோணும். மறுபடி உக்காந்து மறுபடி முக்குவாங்க. உள்ள இருக்குறது மலம் இல்ல, அவங்க குடலேதான், எதை முக்கித் தள்ளுறோம்னு தெரியாமலே தன் குடலை தானே வெளிய தள்ளிக்கிட்டு இருப்பாங்க. அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, இந்த "இன்னும் இருக்கு" பல வருஷமா இருந்திருக்கும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முக்க முக்க இடுப்பு அடித்தளமே கீழ இறங்குது, ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிற தசைக்குப் போற நரம்பு இழுபடுது. போதாததுக்கு குடல் வேற தெனமும் உள்ள வெளியன்னு வந்து அந்த வாயை விரிச்சு விட்டுருது. சேலையில கறை படுறது அதனாலதான். முக்குறது மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன், நாள்பட்ட இருமல், ஓயாத வயித்துப்போக்கு, பிறவியிலயே தசைநார் தளர்ச்சி எல்லாம் உண்டு. பிள்ளை பெறாத பொம்பளைங்களுக்கும் வருது, நம்ம ஊர்ல வயசுப் பசங்களுக்கும் பாத்திருக்கேன்.

சோழவந்தான்_26
சார், நான் ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். நான் பையன், 26 வயசு. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து இந்தப் பிரச்சினை, போன் எடுத்துட்டுப் போய் முக்கால் மணி நேரம் உக்காருவேன், நீங்க சொன்ன அந்த "இன்னும் இருக்கு" எனக்கு அப்படியே இருக்கு. ரெண்டு வருஷமா மூணு விரல்கடை அளவுக்கு வெளிய வருது, தள்ளிவிட்டா போயிரும். வீட்ல யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் கல்யாணம் பேசிட்டு இருக்காங்க. நெட்ல படிச்சா ஆபரேஷன் பண்ணுனா ஆண்மை போயிரும்னு போட்டிருக்கு, அதனால போகவே பயமா இருக்கு.

வைகைக்கரை_செல்வி
தம்பி முதல்ல டாக்டர்கிட்ட போங்க, வெக்கப்படாதீங்க. மேலூர் அண்ணன் கேட்டதுக்கு என் அனுபவம். எங்க அத்தைக்கு (வீட்டுக்காரர் அம்மா) நாலு வருஷம் முன்னாடி கீழ வழியாத்தான் பண்ணாங்க. முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வச்சு பண்ணாங்க, மூணாம் நாள் எந்திரிச்சு நடந்துட்டாங்க, வலியும் பெருசா இல்ல. ஒன்றரை வருஷம் நல்லாத்தான் இருந்தாங்க. அப்பறம் திரும்ப வந்துருச்சு. அதனால நான் கீழ வழியா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

ஆனையூர்_கண்ணன்
செல்வி அக்கா, எங்க பெரியம்மாவுக்கு 81 வயசு, ஹார்ட் வீக்கு, அவங்களுக்கும் கீழ வழியாத்தான், குடலையே ஒரு துண்டு வெட்டி எடுத்து சேத்து தைச்சாங்க. மூணு வருஷம் ஆச்சு, ஒண்ணும் வரல. ஒருத்தருக்கு திரும்ப வந்துச்சுன்னு மொத்தமா வேண்டாம்னு சொல்லக்கூடாது. மயக்கம் குடுத்தா எந்திரிக்க மாட்டாங்கன்னு சொன்ன ஆளுக்கு வேற என்ன வழி இருந்துச்சு?

ரிட்டயர்டு_சர்ஜன்
செல்வியும் கண்ணனும் சொல்றது ரெண்டுமே நடக்குறதுதான், ஆனா ரெண்டும் வேற வேற ஆபரேஷன். கீழ வழியா பண்றதுல ஒண்ணு டெலோர்ம். வெளிய வந்த குடலோட உள்தோலை மட்டும் உரிச்சு எடுத்துட்டு, மிச்சம் இருக்குற தசையை சேலைக்கு கொசுவம் வைக்கிற மாதிரி மடிச்சு மடிச்சு தைச்சு உள்ள அனுப்பிருவாங்க. சின்ன நீளத்துக்கு நல்லா இருக்கும். நீளம் ஜாஸ்தின்னா ஆல்ட்மெயர், அது கண்ணன் பெரியம்மாவுக்கு பண்ணது, வெளிய வந்த குடலை முழு தடிமனோட வெட்டிட்டு மேல்குடலை ஆசனவாய்கிட்ட சேத்து தைக்கிறது. அந்தத் தையல் பிரியாம இருக்கணும், அதுதான் அதுல பயம். ரெண்டுமே வயித்தைத் தொடாம, முதுகு ஊசியிலயே முடிச்சிரலாம், உடம்பு தாங்காதவங்களுக்கு அது பெரிய வரம். ஆனா குடலை மேல எங்கயும் கட்டல, அதனால திரும்ப வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, நூத்துக்கு பத்துல இருந்து முப்பது வரைக்கும் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கணக்கு சொல்லுவாங்க. ஆசனவாயைச் சுத்தி கம்பி மாதிரி வளையம் போட்டு விடுற முறை ஒண்ணு நூறு வருஷத்துக்கும் மேல இருக்கு, அது குடலைத் தூக்குறதில்ல, வாசலை மட்டும் சுருக்குது, மலம் அடைச்சுக்கும், வளையம் அறுத்துக்கிட்டு வெளிய வரும். நான் அதை விட்டே ரொம்ப வருஷம் ஆச்சு.

வயித்து வழியா பண்றதுல குடலை மேல தூக்கி அந்த அடி முதுகெலும்புல கட்டுறாங்க. திரும்ப வர்றது கம்மி. முன்னாடி காலத்துல பின்பக்கமும் ரெண்டு பக்கமும் முழுசா விடுவிச்சுட்டு கட்டுவோம், குடல் நல்லா நிக்கும், ஆனா பக்கவாட்டுல வர்ற நரம்பு அறுபடும், ஏற்கனவே மலச்சிக்கல்னு வந்தவங்களுக்கு அது இன்னும் மோசமாகி, மறுபடி முக்க ஆரம்பிச்சிருவாங்க. எதுனால வந்துச்சோ அதையே கூட்டிவிட்டு அனுப்புன மாதிரி, எனக்கே அது பல நாள் உறுத்தியிருக்கு. இப்ப முன்பக்கம் மட்டும் பிரிச்சு, வலையோட ஒரு நுனியை குடலோட முன்சுவத்துல தைச்சு, இன்னொரு நுனியை மேல எலும்புல கட்டுறாங்க. பெல்ஜியத்துல டிஹோர்னு ஒரு சர்ஜன் 2004ல எழுதுனதுக்கு அப்பறம் இது பரவுச்சு. பக்கத்து நரம்பைத் தொடாததால மலச்சிக்கல் கூடுறது கம்மி. வலை உறுத்தி குடலையோ பக்கத்து சுவரையோ அரிக்கிறது உண்டு, நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு. முழு மயக்கம் வேணும், தலையைத் தாழ்த்திப் படுக்க வச்சு வயித்துல கேஸ் ஏத்தணும், இருதயமும் நுரையீரலும் அதைத் தாங்கணும்.

அதனால மேலூர் தம்பி, கேள்வி எது பெரிய ஆபரேஷன்னு இல்ல. அம்மாவுக்கு எக்கோ பாத்தாச்சா? கொலோனோஸ்கோபி பண்ணாங்களா? 67 வயசுல இது வந்தா மேல ஏதாவது கட்டி இருந்து குடலை இழுத்துட்டு வருதான்னு பாக்காம கத்தியை எடுக்கக்கூடாது. இன்னொண்ணு, உங்க வீட்டுக்காரம்மாவை விட்டு தனியா கேக்கச் சொல்லுங்க, கர்ப்பப்பையும் இறங்கியிருக்கா, ஒண்ணுக்கு சொட்டுதான்னு. நீங்க கேட்டா சொல்லமாட்டாங்க.

சோழவந்தான் தம்பி, ஆண்மை போயிரும்னு படிச்சது முழுப்பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. விறைப்புக்கும் விந்து வர்றதுக்கும் உள்ள நரம்பு மலக்குடலை ஒட்டித்தான் போகுது. வயித்து வழியா போய் பின்னாடியும் பக்கத்துலயும் ஆழமா பிரிச்சா அது அடிபட வாய்ப்பு இருக்கு, சின்ன வாய்ப்புதான், ஆனா இருக்கு. அதனாலதான் கல்யாணம் ஆகாத பசங்களுக்கு சில சர்ஜன்கள் திரும்ப வந்தாலும் பரவாயில்லன்னு முதல்ல கீழ வழியா பண்ணுவாங்க, சில பேர் நரம்பை ஒதுக்கி முன்பக்கம் மட்டும் பண்ணுவேன்னு சொல்லுவாங்க. இதுல எங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. நீங்க இந்தக் கேள்வியை வாயைத் திறந்து அவர்கிட்டயே கேளுங்க, பதில் மழுப்புனா இன்னொருத்தரைப் பாருங்க. அதுவரைக்கும் போனை வெளிய வச்சிட்டுப் போங்க, அஞ்சு நிமிஷம், வரலேன்னா எந்திரிச்சிருங்க. "இன்னும் இருக்கு"ன்னு தோணுனா அதை நம்பாதீங்க.

உசிலை_பாண்டி
சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அஸ்வினி முத்திரை, ஆசனவாயை சுருக்கி சுருக்கி விடுற பயிற்சி இருக்குல, அது பண்ணுனா நிக்காதா?

ரிட்டயர்டு_சர்ஜன்
வெளிய வந்த குடலை அது உள்ள இழுக்காது அண்ணே. ஆனா ஆபரேஷனுக்கு அப்பறம் கசிவைக் குறைக்க கிட்டத்தட்ட அதையேதான் பிசியோல சொல்லிக் குடுக்குறாங்க.

அங்கன்வாடி_டீச்சர்
குறுக்க கேக்குறதுக்கு மன்னிக்கணும். எங்க மையத்துல மூணு வயசுப் புள்ளைக்கு வெளிக்கு இருக்கும்போது சிவப்பா வெளிய வருது, அவங்க அம்மா அழுறாங்க. இதுக்கும் ஆபரேஷனா?

ரிட்டயர்டு_சர்ஜன்
புள்ளைகளுக்கு பெரும்பாலும் வேண்டாம் டீச்சர், அது வேற கதை. மலச்சிக்கலோ, வயித்துப்போக்கோ, பூச்சியோ, உடம்பு தேறாததோ, அதைச் சரி பண்ணுனா வளர வளர நின்னுரும். குழந்தை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, ரொம்ப நேரம் குத்தவச்சு விடவேண்டாம்.

மேலூர்_மைந்தன்
சார் அவசரமா ஒரு கேள்வி. இன்னைக்கு காலையில வந்தது உள்ள போகவே மாட்டேங்குது, ஒரு மணி நேரம் ஆச்சு, வீங்கிருச்சு, அம்மா வலியில துடிக்கிறாக.

ரிட்டயர்டு_சர்ஜன்
என்ன நிறம்? சிவப்பா, ஊதா கருப்பா? ஊதா கருப்பா இருந்தா எதையும் அமுக்காதீங்க, ஈரத்துணியைப் போட்டு மூடி உடனே பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கெளம்புங்க, சாப்பாடு தண்ணி குடுக்காதீங்க. சிவப்பா இருந்தா வண்டியைக் கூப்பிட்டுட்டு, இடது பக்கமா படுக்க வச்சு முழங்காலை வயித்துப் பக்கம் மடக்குங்க. அதுமேல நல்லா சீனியைத் தூவி பத்து பதினஞ்சு நிமிஷம் விடுங்க, நீர் வடிஞ்சு வீக்கம் சுருங்கும். அப்பறம் ஈரத்துணியால மொத்தமா பிடிச்சு, குத்தாம, விடாம மெல்ல அழுத்துங்க. போகலேன்னா போராடாதீங்க, கெளம்புங்க.

மேலூர்_மைந்தன்
சிவப்புதான் சார். அம்மாவுக்கு சுகர் இருக்கே, சீனி போடலாமா?

ரிட்டயர்டு_சர்ஜன்
போடலாம், வெளியதான தூவுறோம். அம்மா சாப்பிடல.

மேலூர்_மைந்தன்
போயிருச்சு சார். இருபது நிமிஷம் ஆச்சு, நீர் நீரா வடிஞ்சு சுருங்கி, என் வீட்டுக்காரி மெதுவா அமுக்குனதும் சளக்குண்டு உள்ள போயிருச்சு. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுத்தான் போறேன். இனிமே தள்ளிப்போட மாட்டேன்.

*(இருபத்தாறு நாள் கழிச்சு)*

மேலூர்_மைந்தன்
எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். கொலோனோஸ்கோபியில கட்டி ஒண்ணும் இல்ல. எக்கோ நல்லா இருக்கு, சுகரை ஒரு வாரம் இன்சுலின் போட்டு எறக்குனாக. சார் கேக்கச் சொன்னதை என் வீட்டுக்காரி கேட்டதும்தான் தெரியுது, கர்ப்பப்பையும் பல வருஷமா எறங்கித்தான் இருந்திருக்கு, யாருகிட்டயும் சொல்லாம துணியைக் கட்டிக்கிட்டு களை எடுக்கப் போயிருக்காக. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே ஆறல. மகப்பேறு டாக்டரும் சர்ஜனும் சேந்து பாத்துட்டு, ரெண்டையும் ஒரே தடவையில மேல தூக்கிக் கட்டலாம், அதனால வயித்து வழிதான் சரிண்டு சொல்லிட்டாக. முதல்ல கீழ வழின்னு சொன்ன டாக்டரும் இதைக் கேட்டுட்டு, அப்ப அதுதான் சரிண்டாரு. காப்பீட்டு கார்டுல அப்ரூவல் வர நாலு நாள் ஆச்சு, ஆபரேஷன் மூணு மணி நேரம், அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்துட்டோம். மூணாம் நாள் மொதத் தடவை வெளிய போகணும்ண்டப்ப அம்மா பயந்து அழுதுட்டாக, ஒண்ணும் வரல.

இப்ப ராத்திரி இசப்கோல் ரெண்டு ஸ்பூன் ஒரு பெரிய டம்ளர் தண்ணியில, டாய்லட்டுல காலுக்கு அடியில ஒரு சின்ன ஸ்டூல். ஆனா சார், கறை படுறது இன்னும் நிக்கல. குறைஞ்சிருக்கு, நிக்கல. குடம் தூக்குறேன்ண்டு வேற அடம்புடிக்கிறாக.

ரிட்டயர்டு_சர்ஜன்
ஆறு வாரம் குடம் கூடவே கூடாது. இருமல் வந்தா வெரசா மருந்து குடுங்க. கசிவு குறைய ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம்கூட ஆகும், நரம்பு எவ்வளவு இழுபட்டுச்சோ அதைப் பொறுத்தது. முழுசா நிக்கும்னு நான் வாக்கு குடுக்கமாட்டேன். பிசியோ பயிற்சி இப்பவே கேட்டு ஆரம்பிங்க.

சோழவந்தான்_26
சார், நானும் போய்ப் பாத்தேன். நீங்க சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் படம் வரைஞ்சு காமிச்சாரு. மூணு சென்டிமீட்டர்தான், டெலோர்ம் போதும், திரும்ப வந்தா அப்பறம் பாக்கலாம்னு சொன்னாரு. இன்னும் முடிவு பண்ணல, இன்னொருத்தரையும் கேக்கலாம்னு இருக்கேன்.

வைகைக்கரை_செல்வி
சார், எங்க அத்தைக்கு திரும்ப வந்துருச்சுன்னு சொன்னேனே, அவங்களுக்கு இப்ப மேல வழியா பண்ண முடியுமா? 72 வயசு, நடமாட்டம் நல்லா இருக்கு.

ரிட்டயர்டு_சர்ஜன்
உடம்பு தாங்குனா பண்ணலாம்மா. ஆனா போன தடவை பண்ணது டெலோர்மா ஆல்ட்மெயரான்னு தெரியாம யாரும் கை வைக்கக்கூடாது. குடலை ஏற்கனவே கீழ ஒரு தடவை வெட்டி சேத்திருந்தா, இப்ப மேலயும் வெட்டுனா நடுவுல நிக்கிற துண்டுக்கு ரத்தம் போகாம அழுகிரும். வெட்டாம தூக்கிக் கட்டுறது மட்டும்னா அந்த பயம் கம்மி. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கா?

வைகைக்கரை_செல்வி
வீடு மாத்துனப்ப எங்கயோ மூட்டை கட்டி வச்சோம் சார். பரண்ல ஏறித் தேடிட்டு வந்து சொல்றேன்.